ஓணத்துக்கு வந்த ஏத்தங்குலைப் பைசாவை அடுத்த ஜூன் வரைக்கும் எப்படிக் கொண்டு போறது?

ஆற்றூர் ஏத்தன்

ஓண வியாபாரம் முடிஞ்சாச்சு. குத்தகைப் பாட்ட நிலத்தில 600 மூடு ஏத்தன் வாழை வச்சதுல 70 மூடு காத்துல போச்சு, 530 குலை வெட்டினேன். சராசரியா பத்தரை கிலோ, கிலோ 42 ரூபாய். கையில 2,34,000 இருக்கு. செப்டம்பர் வீட்டுச் செலவு தனியா முடிச்சாச்சு, அதை இதுல சேர்க்க வேண்டாம்.

இது போக சொந்தமா ஒரு ஏக்கர் ரப்பர், 170 மரம். நானே பால் வெட்டுறேன், வீட்ல ஷீட் அடிக்கிறாங்க. கூலி கிடையாது.

ஒவ்வொரு வருஷமும் இந்தத் தொகை கையில வரும்போது நல்லாத்தான் இருக்கு. மார்ச்ல கை கடிக்கும், ஜூன்ல நகை பணயத்துக்குப் போகும், ஓணத்துக்கு மீட்பேன். எங்க ஓட்டைன்னு தெரியல. இந்தத் தடவை முதல்லயே பிரிச்சு வைக்கணும். எத்தனை பங்கா, எங்க வைக்கலாம்?

குழித்துறை பயறு

தம்பி, வெறும் மாசத்துக்கு ஊடுபயிர் தான் வழி. வாழை நட்ட உடனே இடையில பயறு போடுங்க. ஒண்ணரை மாசத்துல காய் பறிக்கலாம், மூணு மாசத்துக்கு மேல வாழை நிழல் கட்டிடும், அதுக்குள்ள முடிஞ்சிரும். வெள்ளரியும் வரும். தரை மூடிக் கிடக்கிறதால களை வெட்டுற கூலியும் ஒரு தடவை மிச்சம்.

ஆற்றூர் ஏத்தன்

அக்கா, என்ன பயிர் போடணும்னு கேக்கல. கையில இருக்கிற பைசாவை எப்படிப் பிரிக்கிறதுன்னு தான் கேட்டேன். ஆனாலும் பயறு யோசனை நல்லதுதான், குறிச்சு வச்சுக்கிறேன்.

கல்குளம் கணக்கு

பங்கு பிரிக்கிறதுக்கு முன்னால மூணு விவரம் வேணும். ஒண்ணு, ரப்பர்ல மாசம் மாசம் செலவு போக எவ்வளவு நிக்குது. சராசரி வேண்டாம், ஒவ்வொரு மாசமும் தனித்தனியா. ஷீட் கடைச் சீட்டுகளைத் தேடி எடுங்க. ரெண்டு, மாச வீட்டுச் செலவும், வருஷத்துல ஒரு தடவை வர்ற பெரிய செலவு எந்த மாசம்ங்கிறதும். மூணு, இந்த 2,34,000-ல ஏற்கெனவே அடுத்தவன் பைசா எவ்வளவு. உரக்கடைக் கடன், பாட்டம் எல்லாம்.

ஆற்றூர் ஏத்தன்

சீட்டெல்லாம் டப்பாவுல கிடந்துச்சு, கூட்டிப் பார்த்தேன்.

ரப்பர்: அக்டோபர் 6,000, நவம்பர் 7,000, டிசம்பர் 11,000, ஜனவரி 10,000, பிப்ரவரி 3,000, மார்ச் ஒண்ணுமில்ல, ஏப்ரல் 5,000, மே 8,000, ஜூன் 4,000, ஜூலை 3,000, ஆகஸ்ட் 5,000.

வீட்டுச் செலவு மாசம் 14,000. டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு 8,000 கூடும். மே மாசம் ரப்பருக்கு உரம், மருந்தடின்னு 9,000. ஜூன்ல ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல், 18,000.

உரக்கடைக்கு 24,000 கொடுக்கணும். அடுத்த வருஷப் பாட்டம் மூடுக்கு 30 வீதம் 18,000. அடுத்த வாழைக்குச் செலவு எப்படியும் 85,000 வரும்.

குலசேகரம் ஷீட்

இதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு? டிசம்பர், ஜனவரில நல்லா பால் வரும்போது எல்லா ஷீட்டையும் விக்காதீங்க. வீட்லயே அடுக்கி வைங்க. மார்ச், ஏப்ரல்ல எல்லாரும் வெட்டை நிறுத்தியிருப்பான், சரக்கு வராது, விலை ஏறும். அப்போ விக்கலாம். ரப்பர்காரனுக்கு ஷீட் தான் பேங்கு.

கல்குளம் கணக்கு

ஷீட் விஷயத்துக்கு அப்புறம் வரேன். முதல்ல ஏத்தன் கேட்ட ஓட்டை எங்கன்னு பார்ப்போம்.

2,34,000-ல உரக்கடைக்கு 24,000, பாட்டத்துக்கு 18,000, அடுத்த வாழைக்கு 85,000. மொத்தம் 1,27,000. இது உங்க பைசாவே இல்ல. மிச்சம் 1,07,000 தான் வீட்டுக்கு.

இப்போ ஒவ்வொரு மாசமும் செலவுல இருந்து ரப்பர் வரவைக் கழிங்க. எவ்வளவு குறையுதுன்னு வரும்:

அக்டோபர் 8,000
நவம்பர் 7,000
டிசம்பர் 11,000
ஜனவரி 4,000
பிப்ரவரி 11,000
மார்ச் 14,000
ஏப்ரல் 9,000
மே 15,000
ஜூன் 28,000
ஜூலை 11,000
ஆகஸ்ட் 9,000

கூட்டினா 1,27,000. கையில 1,07,000. ஆக 20,000 பள்ளம். நீங்க ஊதாரித்தனமா செலவு பண்ணி நகை போகல. வருஷத்துக்கே 20,000 பத்தல, அது ஜூன்ல வந்து தலை காட்டுது. பிரிச்சு வைக்கிறதால பைசா கூடாது, பள்ளம் எந்த மாசத்துல விழணும்னு நாம முடிவு பண்ணலாம், அவ்வளவுதான்.

ஒரு நல்ல விஷயம் இருக்கு. இந்த 2025-ல திருவோணம் செப்டம்பர் 5. அடுத்த வருஷம் 2026-ல ஆகஸ்ட் 26, பத்து நாள் முன்னாடியே. ஆகஸ்ட் 10-க்கு மேல குலை வெட்ட ஆரம்பிச்சா ஆகஸ்ட் மாசத்துக்குத் தனியா வைக்க வேண்டாம். பள்ளம் 11,000-ஆகக் குறையும். ஆனா அதுக்கு நடவு தேதி தப்பக் கூடாது. ஏத்தனுக்குப் பத்து, பத்தரை மாசம். அக்டோபர் முதல் வாரம் நட்டா ஆகஸ்ட் நடுவுல வெட்டு. துலாம் மழை விட்டப்புறம் நடலாம்னு நவம்பருக்குத் தள்ளினா ஓணம் கழிஞ்சுதான் குலை முத்தும், விலை விழுந்திருக்கும். கன்னும் ஒரே அளவா, ஒண்ணரை ரெண்டு கிலோ எடையில எடுங்க. சிறிசும் பெரிசுமா நட்டா குலை ஒரு மாசம் முன்னப்பின்ன வரும், பாதி ஓணத்துக்கு நிக்காது.

தோவாளை பிச்சி

எங்களுக்கு நேர் எதிர் கதை. பிச்சி தினமும் பறிப்பு, தினமும் கையில பைசா, முகூர்த்த நாள்னா நல்ல விலை. ஆனா பனி விழுந்தா மொக்கு குறைஞ்சிரும். ஒரே நாள்ல பெரிய தொகையா வந்தா எடுத்து வைக்கலாம். 300, 500-ஆ வர்றதை எப்படி எடுத்து வைக்கிறது? அன்னன்னைக்கே போயிருது.

கல்குளம் கணக்கு

தோவாளை அண்ணே, உங்களுக்கு அஞ்சல் அலுவலகத் தொடர் வைப்பு மாதிரி மாசக் கட்டு பொருந்தும், ஏன்னா வரவு ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கோங்க, அது அஞ்சு வருஷத் திட்டம், மூணு வருஷம் ஆகாம முன்கூட்டி மூட விடமாட்டான். பனிக்காலத்துல எடுக்கணும்னா வங்கியில ஒரு வருஷத் தொடர் வைப்பு போடுங்க. ஏத்தனுக்கு அது ஆகாது. மார்ச்ல வரவே இல்லாதவன் மாசத் தவணை எங்கிருந்து கட்டுவான்? சீட்டு சேர்றவங்களுக்கும் இதே சிக்கல் தான்.

மார்த்தாண்டம் மணி

எனக்கு ஒரு சந்தேகம். வங்கியில நகைக்கடன் 9 சதவீதம் சுத்துல கிடைக்குது. ஜூன்ல 30,000 எடுத்து ஆகஸ்ட் கடைசில மீட்டா மூணு மாச வட்டி 675 ரூபாய். அதுக்காக வருஷம் பூரா பைசாவை முடக்கி வைக்கணுமா? உரக்கடையில கடன் சொல்லி வாங்கினா மூட்டைக்கு எவ்வளவு கூட வைக்கிறான்னு பாருங்க, அதை விட நகைக்கடன் மலிவு. நகையை வச்சு உரத்தை ரொக்கமா வாங்கிறவன் புத்திசாலி.

கல்குளம் கணக்கு

மணி, 675 கணக்கு சரி. உரக்கடைக் கடனை விட அது மலிவுங்கிறதும் சரி. எல்லாம் ஓணத்துக்குக் குலை வெட்டினா. மே, ஜூன்ல தார் போட்டு குலை தொங்குற நேரத்துல ஒரு காத்து அடிச்சா, பணயம் வச்ச நகையும் பாட்டத்துக்குக் கொடுத்ததும் உரத்துக்குப் போட்டதும் ஒரே நாள்ல மாட்டிக்கும். மீட்கிற வழியும் கடன் வாங்கின காரணமும் ஒரே வாழைத்தோட்டம்னு ஆகக் கூடாது. நகையைக் காத்துக்கு வைங்க, ஸ்கூல் பீஸுக்கு வேண்டாம்.

மார்த்தாண்டம் மணி

காத்து எல்லா வருஷமும் அடிக்காது. ஒக்கி வந்தது 2017 நவம்பர்ல. அப்போ ரப்பர் மரமே சாஞ்சது, எப்.டி. வச்சிருந்தவனும் தான் அழுதான். நான் என் கருத்துல நிக்கிறேன்.

கல்குளம் கணக்கு

சரி, நில்லுங்க. ஏத்தன் கேட்டதுக்கு வரேன்.

எல்லாரும் அக்டோபர்ல இருந்து நிரப்பிக்கிட்டே வருவாங்க, ஜூனுக்கு வரும்போது பெட்டி காலி. நீங்க பின்னால இருந்து நிரப்புங்க. ஜூன், ஜூலைக்கு 39,000. இதை முதல்ல எடுத்து வைங்க. அப்புறம் ஏப்ரல், மே மாசத்துக்கு 24,000. அப்புறம் இலை உதிர்ற பிப்ரவரி, மார்ச்சுக்கு 25,000. மூணும் சேர்த்து 88,000. 1,07,000-ல மிச்சம் 19,000, அதுதான் அக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும். தேவை 30,000, ஆக 11,000 பள்ளம் அங்க விழும். பரவால்ல. டிசம்பர், ஜனவரி உங்களுக்குப் பால் நல்லா வர்ற மாசம், கிறிஸ்துமஸ் செலவும் நம்ம கையில இருக்கிற செலவு. ஜூன்ல மழை, வெட்டு நடக்காது, ஸ்கூல்காரன் நிக்க மாட்டான். சமாளிக்க முடியுற மாசத்துல பள்ளத்தை வைக்கணும்.

வாழைச் செலவு 85,000-ஐ இதோட கலக்காதீங்க. அதுவும் ஒரே நாள்ல போறதில்ல. கன்னு, குழி, அடியுரத்துக்கு இப்போவே 25,000. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உரம், கூலிக்கு 35,000. மார்ச்ல இருந்து முட்டுக்கம்பு, கயிறு, கட்டுகூலிக்கு 25,000. இந்தக் கடைசி 25,000-ஐத் தான் எல்லாரும் மார்ச்ல அரிசிக்கு எடுத்துடுவாங்க. அப்புறம் முட்டு பாதி மூட்டுக்குத் தான் கொடுப்பாங்க, மிச்சம் காத்துல போகும். போன தடவை 70 மூடு போச்சுன்னீங்களே, அதுல முட்டு இல்லாதது எத்தனை?

ஆற்றூர் ஏத்தன்

சரியா பிடிச்சீங்க அண்ணே. சாஞ்சதுல ஐம்பதுக்கு மேல முட்டு கொடுக்காதது. பைசா இல்ல, அடுத்த வாரம் கொடுக்கலாம்னு விட்டது.

கல்குளம் கணக்கு

ஐம்பது குலை, குலைக்கு 440 ரூபாய் வச்சா 22,000. உங்க வருஷப் பள்ளம் எவ்வளவு? 20,000.

குலசேகரம் ஷீட்

அண்ணே, என் ஷீட் விஷயத்தை விட்டுட்டீங்க.

கல்குளம் கணக்கு

விடல. பாதி சரி. வரத்து குறையுற மாசத்துல விலை ஏறுறது உண்டு, ஆனா நம்ம ரப்பர் விலை வெளிநாட்டு விலையோட ஓடுது, மார்ச்ல ஏறியே தீரும்னு சொல்ல முடியாது. ரெண்டாவது, புகைக்கூடு இருக்கா? புகை போடாத ஷீட்டை மாசக்கணக்குல அடுக்கினா பூஞ்சை பிடிக்கும், கடைக்காரன் தரம் குறைச்சு லாட்டுல சேர்ப்பான். ஈரம் சரியா காயாம எடை போட்டு வச்சா காயும்போது எடையும் குறையும். நல்லா புகை போட்ட ஷீட் கெடாது. அப்படி இருந்தா ஜனவரி சரக்குல 30, 40 கிலோ நிறுத்தி வைங்க, எல்லாத்தையும் வேண்டாம்.

குலசேகரம் ஷீட்

புகைக்கூடு இருக்கு. நம்ம வீட்ல அடுப்புக்கு மேல பரண் போட்டது, அது போதும்.

கல்குளம் கணக்கு

அடுப்புப் பரண்ல நாலு நாள்ல காயுற ஷீட்டுக்கும் கூட்டுல புகை போட்டதுக்கும் கடைக்காரன் ஒரே விலை தர்றானா? தந்தா எனக்கு ஒண்ணும் சொல்ல இல்ல.

ஆற்றூர் ஏத்தன்

எங்க வீட்ல பரண் கூட இல்ல, கொடியில தான் காய்ச்சுறோம். அதனால ஷீட்டை வைக்கிற வேலை எனக்கு வேண்டாம். பைசாவாவே வைக்கிறேன். எங்க வைக்கலாம்? சொசைட்டில வச்சா வட்டி கூட தர்றாங்களாம்.

கல்குளம் கணக்கு

தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துல பயிர்க்கடன் வாங்குங்க, தவணைக்குள்ள கட்டினா வட்டி கிடையாது, அதை விட மலிவான கடன் இல்ல. ஆனா சேமிப்பை அங்க வைக்க வேண்டாம். வங்கிகள்ல, கூட்டுறவு வங்கிகள் உட்பட, ஒரு வங்கியில ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைக்கும் வைப்புக்குக் காப்பீடு உண்டு. இந்தத் தொடக்கச் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு இல்ல.

வங்கியில மூணு தனி நிரந்தர வைப்பு போடுங்க. 25,000 பிப்ரவரி முதல் வாரம் முதிரணும், 24,000 ஏப்ரல் முதல் வாரம், 39,000 மே கடைசி. ஒரே வைப்பா 88,000 போட்டா பிப்ரவரில 25,000-க்காக மொத்தத்தையும் உடைப்பீங்க, வட்டியிலயும் பிடிப்பான், மிச்சம் 63,000 கையில வந்து கரையும். முட்டுக்கு உள்ள 25,000-ஐ நாலாவதா மார்ச் நடுவுல முதிர்ற மாதிரி போடுங்க.

அஞ்சல் அலுவலக ஒரு வருஷ வைப்புல இதைப் போடாதீங்க. ஆறு மாசத்துக்குள்ள எடுக்க விடமாட்டான், பிப்ரவரிப் பைசா அங்க மாட்டிக்கும்.

விண்ணப்பத்துல முதிர்ந்ததும் என்ன செய்யணும்னு ஒரு கட்டம் இருக்கும். தானா புதுப்பிக்கணும்னு டிக் இருந்தா அதை நீக்கிட்டு, சேமிப்புக் கணக்குல வரவு வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பிப்ரவரில போய் நிக்கும்போது, அது மறுபடி அதே காலத்துக்குப் போயிருக்கும். இன்னொண்ணு, அதே கிளையில தவணை தவறின கடன் ஏதாவது இருந்தா வைப்பு முதிர்ந்ததும் பிடிச்சிக்க வங்கிக்கு உரிமை உண்டு. அப்படி இருந்தா வேற வங்கி பாருங்க.

குழித்துறை பயறு

அந்த 11,000 பள்ளத்துக்குத் தான் பயறு. 60 சென்ட்ல நவம்பர் கடைசில காய் வரும், டிசம்பர்ல முடியும். மழை விடாம நின்னா காய் அழுகும், அதை மட்டும் சொல்லிடுறேன். முழுசா இல்லேன்னாலும் கிறிஸ்துமஸ் செலவுல பாதி வரும்.

குலசேகரம் ஷீட்

அதோட மே மாசத்துல மரத்துக்கு மழைக்காப்பு கட்டுங்க. 170 மரத்துக்கு பிளாஸ்டிக், தார் எல்லாம் சேர்த்து 6,000 சுத்துல வரும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இருபது வெட்டு கூடுதலா கிடைக்கும், வெட்டுக்கு மூணரை கிலோன்னாலும் 70 கிலோ. கிலோ 180 வச்சா 12,600. இதுல நான் பாதி சரி இல்ல, முழுசும் சரி.

கல்குளம் கணக்கு

ஒத்துக்கிறேன். ஆனா மே மாசப் பைசா 15,000-ல அந்த 6,000 இல்ல. அதுக்கு ஏப்ரல் வைப்பை 30,000-ஆக்கணும், அப்போ இந்தப் பக்கம் பள்ளம் 17,000 ஆகும். முன்னால போட்டு பின்னால எடுக்கிற பைசா அது. உரக்கடையில இந்தத் தடவை ரொக்கம்னு சொல்லி விலை பேசுங்க, கொஞ்சம் அங்க கிடைக்கும்.

மார்த்தாண்டம் மணி

இல்லேன்னா அந்த 6,000-க்கு மட்டும் ஒரு மோதிரத்தை வைக்கலாம். சும்மா சொன்னேன்.

ஆற்றூர் ஏத்தன்

இன்னைக்கு வங்கிக்குப் போனேன். 25,000, 30,000, 39,000, முட்டுக்கு 25,000, நாலு வைப்பு. விண்ணப்பத்துல எல்லாத்துலயும் தானா புதுப்பிக்கிறது டிக் அடிச்சே கொடுத்தாங்க, நாலுலயும் மாத்தி எழுதி வாங்கினேன். ரசீதுல முதிர்வுத் தேதி சரியா இருக்கு, ஆனா ஜூன் வைப்பு மட்டும் ஒரு வருஷம்னு அடிச்சிருந்தாங்க, திரும்பக் கொடுத்து மாத்தினேன். உரக்கடைக்கும் பாட்டத்துக்கும் கொடுத்தாச்சு. வாழை உரத்துக்கு 35,000 சேமிப்புக் கணக்குல தனியா கிடக்கு, அந்தக் கணக்குக்கு போன்ல பைசா அனுப்புற வசதி வைக்கல. வீட்டுக்கு ஜனவரி வரைக்கும் 13,000 தான். பயறு விதைக்குச் சொல்லிட்டேன், கன்னு திங்கக்கிழமை வருது.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அடுத்த வருஷம் கிலோ 42 கிடைக்காம 30-க்குப் போனா?

கல்குளம் கணக்கு

530 குலைன்னு வச்சா 67,000 குறையும். அப்போ வீட்டுக்கு மிஞ்சுறது 1,07,000 இல்ல, உரக்கடைக் கடன் இல்லாததால 64,000 சுத்துல தான். அதுல ஜூனும் ஏப்ரலும் நிரம்பும், பிப்ரவரி நிரம்பாது. அதனால தான் 600 மூட்டையும் ஓணத்துக்கே வைக்கணுமான்னு கேக்கத் தோணுது. நூறு மூட்டை மட்டி வாழையா வச்சா விலை வேற மாதிரி ஓடும். ஆனா பாட்டக்காரர் ஒத்துக்குவாரா, அந்த மண்ணுக்கு மட்டி நிக்குமா, அதை உங்க பக்கத்துல மட்டி வச்சவங்க தான் சொல்லணும்.

குழித்துறை பயறு

மட்டி நாங்க வைக்கிறோம். ஏத்தனை விட நாள் கூடுதல், பதிமூணு மாசத்துக்குக் கிட்ட எடுக்கும். பாட்டம் ஒரு வருஷம்னா முதல்ல அதைப் பேசுங்க தம்பி.